போயா நாளிலும் ஊதிய சங்கு

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே மூன்று வருஷம் ஓடிவிட்டது. கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி வராது. பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று தகப்பனே எழுதி வைக்கலாமா என்று ஒரு வெட்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத்து எதற்கு என்று இன்னொரு வெட்கம். இவை இரண்டையும்விடப் பெரிய வெட்கம் வேறொன்று. அதை அதன் இடத்தில் சொல்கிறேன். போன மாதம் என் மகளே கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்து, "எழுதுங்கப்பா. எனக்கு வெக்கமில்ல, ஒங்களுக்கு என்ன வெக்கம்?" என்றாள். அதனால் எழுதுகிறேன். தேவமாதா துணை.

பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் இருக்கிறோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினோரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. மனைவிக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். காலை ஆறு மணிக்கு ஸ்டோர்ச் சங்கு ஊதும். அந்தப் பொத்தானை அமுக்குகிறவன் நான். மலை முழுவதும் அந்தச் சத்தத்தில்தான் எழும்பும், தேத்தண்ணீர் குடிக்கும், பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்.

மகளுக்குப் பதினாறு வயதில் முதல் வலிப்பு வந்தது. பதுளை கிளினிக்கில் மாத்திரை தந்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. "நேரம் தவறக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் நேரத்துக்கா பஞ்சம்? காலையில் என் சங்கு. மாலை ஆறு மணிக்கு வீட்டு ஜெபம். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாத்திரை டின்னை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சங்கு இல்லை, ஆனால் பூசைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் ஐந்தரைக்கே எல்லோரும் எழும்பிவிடுவோம். மாத்திரைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் பங்களாவிலும் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வலிப்பு குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. அவளுக்கு இருபது வயதான வருஷம் எட்டு மாதத்தில் நாலு தடவை விழுந்தாள்.

அந்த வருஷம்தான் பிள்ளைக் காம்பராவில் ஆள் தேவை என்ற பேச்சு வந்தது. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம் அது. அங்கே இருக்கும் இரண்டு ஆயம்மாக்களில் மூத்தவர் இன்னும் ஏழெட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறார். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த இடம்தான் கனவு. வலிப்பு வருவதற்கு முன்னால் லயத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் அது கடைசியில் அவள் இடுப்பில்தான் வந்து ஓயும். மனுக் கொடுத்தாள். நலன்புரி அதிகாரி நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"தங்கச்சி, ஒங்களுக்குக் குடுக்க எனக்கு ஆசதான். கையில புள்ள இருக்கயில விழுந்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஆறு மாசம் வலிப்பு வரலன்னு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

ஆறு மாதம். எட்டு மாதத்தில் நாலு தடவை விழுந்தவளுக்கு ஆறு மாதம். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

என் அண்ணி அடுத்த காம்பராவில் இருக்கிறார். அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அன்பான மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டுக் கலண்டரைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். வலிப்பு வந்த நாளெல்லாம் என் மனைவி கலண்டரில் சிலுவை போட்டு வைப்பாள், அன்றைக்கு இன்னொரு ஜெபமாலை சொல்ல. அண்ணி கைவிரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இங்க பாரு, போயா. இங்க பாரு, போயாவுக்கு மறுநாளு. இதுவும் போயா. நாலுமே பௌர்ணமிய ஒட்டித்தான் வந்துருக்கு. இது நோவு இல்ல தம்பி, நெலா புடிச்சிருக்கு. மாத்திர குடுத்து நெலாவ வெரட்டப் போறியா? கீழ்த் தோட்டத்துல மந்திரிச்சு நூலு கட்டுற ஆளு ஒருத்தர் இருக்காரு. மாத்திரய நிப்பாட்டிட்டு வரச் சொல்றாரு."

மனைவி சொன்னாள்: "அக்கா, நாங்க வேதக்காரங்க. நூலெல்லாம் கட்டக் கூடாது."

"ஒரு நூலு வேதத்த என்னடி செஞ்சிரும்? புள்ள பொழைக்கட்டும் மொதல்ல."

உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் ஆடிவிட்டது. சிலுவைகள் நாலும் பௌர்ணமி லீவான போயாவின் சிவப்புக் கட்டத்தை ஒட்டியே நின்றன, கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். கிளினிக் நாளில் கலண்டரை ஆணியோடு கழற்றி, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் நிலாவை நிரூபிக்கப் போனேன்!

டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. கலண்டரை மேசையில் விரித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"நல்ல வேலை செய்திருக்கிறியள் ஐயா. இப்பிடி ஒருத்தரும் குறிச்சுக்கொண்டு வாறேல்ல. சரி, போயா அண்டைக்கு நிலவு ஒருபக்கம் இருக்கட்டும். உங்கட வீட்டில அண்டைக்கு வேற என்ன நடக்கும்?"

"ஒன்னும் நடக்காதுங்க. லீவுங்க. பெரட்டு இல்ல. நான் சங்கு ஊதத் தேவயில்ல, நல்லாத் தூங்குவேன். சம்சாரம் வெளிச்சம் வரயிலயே வெறகுக்குப் போயிரும்."

"பிள்ளை?"

"புள்ளயும் தூங்கும். லீவு நாள்தானேன்னு எழுப்பமாட்டோம்."

"அப்ப காலமைக் குளிசையை எத்தினை மணிக்குப் போடுறனீர் பிள்ளை?"

குளிசை என்றால் மாத்திரை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"செல நாளு ஒம்பது பத்து மணிக்குப் போடுவேன் டாக்டர். செல நாளு... சங்கு ஊதாட்டி நெனப்பே வராது. சாயங்காலம் ஜெபத்துக்கு நிக்கயில டின்னப் பாத்துட்டுத்தான் நெனப்பு வரும். அப்ப ரெண்டயும் ஒன்னாப் போட்டுக்குவேன்."

டின்னில் மாத்திரை மிச்சமில்லாமல் சரியாக இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து, ஒன்றும் தவறவில்லை என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். போயா ராத்திரிகளில் அவள் தலை சுற்றுகிறது, கண் இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதையும் நிலாவின் கணக்கிலேயே சேர்த்திருந்தோம்.

நான் சொன்ன பெரிய வெட்கம் இதுதான். மலை முழுவதையும் எழுப்புகிறவன் நான். லீவு நாளில் என் வீட்டில் ஒருத்தியை எழுப்பாமல் தூங்கியிருக்கிறேன்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கோடு இழுத்து, இந்தப் பக்கம் காலை ஆறு, அந்தப் பக்கம் மாலை ஆறு என்று எழுதினார்.

"குளிசை இரத்தத்தில ஒரே அளவில நிக்கவேணும். நேரத்துக்குப் போட்டால் நிக்கும். ஒண்டை விட்டால் இறங்கிப் போகும், அப்பதான் வலிப்பு வரும். பிறகு ரெண்டைச் சேர்த்துப் போட்டால் கூடிப் போகும், தலை சுத்தும். விட்டதை அது சரிக்கட்டாது. நிலவுக்கு இதில ஒரு வேலையும் இல்லை, விளங்குதோ?"

மகள் கேட்டாள்: "அப்ப மறந்துட்டா என்ன செய்யணும் டாக்டர்?"

"உம்மட குளிசைக்குச் சொல்லுறன். நினைவு வந்த உடன போடும், ஆறு மணியில இருந்து நாலு மணித்தியாலத்துக்குள்ள எண்டால். அதுக்கு மேல போயிட்டுது எண்டால் அதை விட்டிடும். அடுத்ததை அதின்ர நேரத்துக்கு ஒண்டு மட்டும் போடும். ஒரு நாளும் ரெண்டைச் சேர்க்காதேயும்."

"வாந்தி எடுத்தா?"

"போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தால் இன்னொண்டு போடும். அரை மணித்தியாலம் தாண்டியிருந்தால் திரும்பப் போடத் தேவையில்லை. சத்தி நிக்காமல் ஒரு குளிசையும் தங்கேல்லை எண்டால் வீட்டில இருக்கக் கூடாது, கிட்ட இருக்கிற ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். நான் சொல்லாமல் குளிசையை நிப்பாட்டவும் கூடாது. ஐயா, நூல் கட்டுற ஆளிட்டையும் சொல்லிவிடுங்கோ."

நூலைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "போயா அன்னிக்கும் நான் போயி சங்க ஊதிட்டு வந்துர்றேன்" என்றேன்.

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "ஊதுங்க. லீவு நாளுல எழுப்புனவன் எவன்னு கவ்வாத்துக் கத்தியோட தோட்டமே வரும். ஒங்களத் தூக்கிப் போட்டுட்டு நான் தனியா ஜெபம் சொல்லிக்கிறேன்."

மகள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்பா, போன் இருக்கே" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் ஸ்டோருக்குக் கீழே மண்திட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பொத்தானை அமுக்கினேன். சங்கு முழுவதையும் பதிந்துகொண்டாள். அதையே அலாரமாக வைத்தாள், வாரம் ஏழு நாளும், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும். கைப்பையில் தனியாக நாலு மாத்திரை அட்டையோடு. டாக்டர் எழுதிய தாள் மாதா படத்துக்குக் கீழே, டின்னுக்கு மேலே.

அடுத்த போயா வந்தது. ஆறு மணிக்குக் காம்பராவுக்குள் ஸ்டோர்ச் சங்கு ஊதியது. தகரக் கூரையில் பட்டு அது பதிந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. கடைசிக் காம்பராக்காரர் பாதித் தூக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னா மச்சான், தொர போயாவையும் புடிச்சிக்கிட்டாரா?"

"இல்ல மச்சான், புள்ளைக்கு மாத்திர நேரம்."

"ஒரு புள்ளைக்கு மாத்திரன்னா பதினோரு குடும்பமும் முழிக்கணுமா?"

அண்ணி கதவைத் திறந்து, "சங்க ஊதி நெலாவ வெரட்டுறாங்களாம், படிச்சவங்க!" என்று சொல்லிவிட்டுப் படாரென்று சாத்தினார். மகள் எதையும் காதில் வாங்கவில்லை. தண்ணீரை ஊற்றினாள், மாத்திரையைப் போட்டாள், போர்வைக்குள் திரும்பப் போய்விட்டாள். அன்றைக்கு வலிப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஒரு போயா போனது. இரண்டாவது போனது. மூன்றாவது மாதம் மேல் லயத்தில் ஒரு சாவு. ஒப்பாரிக்குப் பெண்களோடு போனவள் போனைச் சார்ஜில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது வீட்டில் யாருமில்லாமல் ஊதி ஓய்ந்தது. இரவு எட்டரைக்கு நினைவு வந்து வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்க மணியைப் பார்த்தாள், விரல் விட்டாள். "ரெண்டரை மணித்தியாலம். போடலாம்." போட்டாள். மறுநாள் காலை வழக்கம்போல் ஆறுக்கு அடுத்ததைப் போட்டாள். நான் ஒரு வாரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

நாலாவது போயா தாண்டிய பிறகு மொனராகலையில் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நாங்கள் மூவரும் அண்ணியும் புறப்பட்டோம். பதுளை பஸ் ஸ்டாண்டில் வைத்தே ஆறு மணிக்கு மகள் பணிஸ் ரொட்டி ஒன்றோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பஸ் கிளம்பியது. பசறை ரோட்டு வளைவுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பை ஒன்றை எடுப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது மணியைத்தான்.

"ஆறு இருவது. அரை மணித்தியாலம் ஆகல. அம்மா, தண்ணிப் போத்தலக் குடுங்க."

"வயிறு இப்பத்தானடி பொரட்டிச்சி" என்றார் அண்ணி. "போன மாத்திர போனதுதான். ஊருக்குப் போயி சாயங்காலம் ரெண்டாப் போட்டுக்க."

"காலயில விட்டுட்டுச் சாயங்காலம் ரெண்டாப் போட்டுத்தான் பெரியம்மா இத்தன நாளு விழுந்தேன்" என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சின்ன மிடறாகத் தண்ணீர் விட்டு விழுங்கினாள். பக்கத்துச் சீட்டு அம்மா ஒருவர் புளிப்பு மணக்கும் தேசிக்காய் ஒன்றைக் கொடுத்தார். அதை முகர்ந்துகொண்டே கண்ணை மூடினாள்.

எட்டரை மணிக்கு, இறக்கத்தில், மறுபடியும் வாந்தி. இந்தத் தடவை பதறியது என் மனைவி. "ஐயோ, அதுவும் போயிருச்சே! இன்னொன்னு போடு புள்ள." நானும், "போட்டுரு பாப்பா, எதுக்கு வம்பு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஆச்சிப்பா. அது உள்ள போயிருச்சி. இன்னும் ஒன்னு போட்டா கூடிரும். ஒருவேள வாந்தி நிக்காம சாயங்கால மாத்திரயும் தங்கலன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அன்று முழுவதும் கல்யாண வீட்டில் ஜெபமாலையைச் சட்டைப் பைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள், வயிறு அடங்கியது. மாலை ஆறு மணிக்குப் பந்தலுக்குள் ஸ்டோர்ச் சங்கு ஊதியது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் வெட்கப்படாமல் எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு அண்ணியின் வாய் கொஞ்சம் சுருங்கியது. ஆறாவது போயா அன்று காலை, போன் ஊதுவதற்கு முன்பே எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அண்ணி, கையில் ஒரு தம்ளர் வெந்நீரோடு.

"மணி ஆறாகப் போகுது. ஒங்க சங்கு தூங்கிருச்சோன்னு பாத்தேன்."

அவர் சொல்லி முடிக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. கடைசிக் காம்பராக்காரர் அங்கிருந்தே கத்தினார்: "புள்ள மாத்திர போட்டுருச்சா?" "போட்டாச்சி மாமா!" என்று மகள் பதில் கத்தினாள். பதினோரு குடும்பமும் அந்த விடியற்காலையில் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர்களும்தான் அந்த ஆறு போயாவை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு மாதம் முடிந்த கிளினிக் நாளில் கலண்டரை மறுபடியும் சுருட்டிக்கொண்டு போனேன். அந்த ஆறு மாதத் தாள்களில் ஒரு சிலுவைகூட இல்லை. டாக்டர் அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நிலவு எங்கேயும் போகேல்லை ஐயா, ஆறு தரம் வந்திருக்குது" என்று சொல்லி, இந்தத் தடவை நன்றாகச் சிரித்தார். கடிதம் எழுதினார். அதில், மாத்திரை தொடர வேண்டும், இன்னொருவர் கூட இருக்கும்படி வேலை கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். நலன்புரி அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நாளைக்கே வாங்க தங்கச்சி" என்றார்.

முதல் நாள் நான் ஸ்டோர் வேலையிலிருந்து சொல்லிக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பரா வேலிக்கு வெளியே நின்றேன். ஓய்வு பெறப் போகும் ஆயம்மா ஒரு குழந்தையைத் தூக்கி என் மகள் கையில் கொடுத்தார். நாலு வருஷமாக யாரும் அவளிடம் பயமில்லாமல் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை. அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். கர்த்தரே, என் கண்ணுக்கு இதைக் காட்டினீரே என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. ஒரு தடவையும் விழவில்லை. ஜெபம் நடத்தியதா, மாத்திரை நடத்தியதா என்று சிலர் கேட்கிறார்கள். கலண்டரைச் சுருட்ட வைத்தவர் கர்த்தர், நேரத்தைச் சொல்லித் தந்தவர் டாக்டர், சங்கைப் பதிந்தவள் என் மகள். எனக்கு இதற்குள் சண்டை ஒன்றும் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லயத்திலோ உறவிலோ வலிப்பு மாத்திரை போடுகிறவர் இருந்தால் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். நான் சொன்ன நாலு மணித்தியாலமும் அரை மணித்தியாலமும் என் மகளுடைய மாத்திரைக்கு அவளுடைய டாக்டர் சொன்னவை. உங்கள் மாத்திரைக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், சுவரில் ஒட்டுங்கள். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். புதுமை, அற்புதம் நடந்தது என்று பெருக்காதீர்கள். நான் தூங்கியதை மறைத்து என்னை நல்லவனாக்காதீர்கள். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டதையும் விட்டுவிடாதீர்கள். எழுதியிருக்கிறபடியே கையிலிருந்து கைக்குப் போகட்டும்.